ஒரு லட்சம்தான் கிடைக்குமா? குடும்ப வாட்ஸ்அப்பில் வந்த பழைய சுற்றறிக்கை

கேள்வி: ஐயா, வணக்கம். அப்பா காலமான பிறகு வந்த பணத்தை அம்மா (வயது 67) எங்கள் ஊர் நகரக் கூட்டுறவு வங்கியில் போட்டிருக்கிறார். அம்மா பெயரில் 4 லட்சத்துக்கு மூன்று வருட எஃப்.டி. இருக்கிறது. வட்டி 7.5 சதவீதம், முடிவில் மொத்தமாக வரும். அம்மாவும் நானும் சேர்ந்து இரண்டரை லட்சத்துக்கு அதே போல இன்னொன்று. இரண்டும் போட்டு ஒரு வருடம் ஆகிறது. அம்மாவின் சேமிப்புக் கணக்கில் 80 ஆயிரம் உண்டு. இது போக கிராமத்துக் கூட்டுறவு சொசைட்டியில் 3 லட்சம். போன வாரம் குடும்ப குரூப்பில் ஏதோ ஒரு வங்கியின் சுற்றறிக்கை வந்தது. ரிசர்வ் வங்கியின் 22.6.2017 உத்தரவுப்படி, வங்கி மூடப்பட்டால் ஒரு லட்சம் வரைதான் கிடைக்கும், அதுவும் கலைப்பு அதிகாரி பட்டியல் கொடுத்து இரண்டு மாதத்துக்குள் என்று பாஸ்புக்கில் முத்திரை குத்தச் சொல்கிறது. எஃப்.டி.யை எல்லாம் உடைத்து ஏழு வங்கிகளில் லட்சம் லட்சமாகப் பிரிக்கலாம், சொசைட்டி அரசாங்கத்துடையது, அதைத் தொட வேண்டாம் என்கிறார் அண்ணன். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அந்தச் சுற்றறிக்கை உண்மையா?

பதில்: அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்: எந்த எஃப்.டி.யையும் உடைக்க வேண்டாம். ஒரு லட்சம் என்ற வரம்பு 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சமாகிவிட்டது. இதை எழுதும் இன்றும் அது 5 லட்சம்தான்.

சரி, அப்படியென்றால் அந்தச் சுற்றறிக்கை போலியா? போலி என்று நான் சொல்ல மாட்டேன். உண்மையான தாளாகவே இருக்கலாம். இந்த மாதிரி ஃபார்வர்டுகளில் சிக்கலே அதுதான். போலியாக இருந்தால் எழுத்துப் பிழை, தப்பான முத்திரை என்று எங்காவது மாட்டிக்கொள்ளும். உண்மையான தாள் பழையதாகிவிட்டால் அதை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் குறை தெரியாது. அதனால் 'இது நிஜமா' என்பதோடு 'இது எப்போதையது' என்றும் கேட்க வேண்டும்.

தேதி வெட்டப்பட்ட தாளுக்கும் காலம் குறிக்க முடியும். உங்களுக்கு வந்தது 22.6.2017 உத்தரவை மேற்கோள் காட்டுகிறது. ஆகவே அது 2017 ஜூனுக்கு முன்னால் எழுதப்பட்டிருக்க முடியாது. வரம்பு ஒரு லட்சம் என்கிறது. ஆகவே 2020 பிப்ரவரி 4-க்குப் பிறகு பொறுப்புள்ள எந்த வங்கியும் அதை எழுதியிருக்காது. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் பிறந்த தாள் அது. இந்த இடைவெளியில்தான் 2019 செப்டம்பரில் மும்பையின் பஞ்சாப் அண்ட் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது. முதலில் ஆறு மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். அதற்கு அடுத்த மாதமே பாஸ்புக் முத்திரைப் படங்கள் நாடு முழுக்கச் சுற்ற ஆரம்பித்தன.

அந்த அக்டோபர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அப்போது ஒரு வங்கிக் கிளையில் மேலாளர். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் பத்துப் பேர் நிற்பார்கள், எல்லார் கையிலும் அதே படம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நான்கு எஃப்.டி.களையும் அன்றே முடித்துத் தரச் சொன்னார். முதிர்வுக்கு இரண்டு மாதம்தான் பாக்கி, பொறுங்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அன்று அவர் கையிலிருந்த படத்தில் எண் சரியானதுதான், வரம்பு அப்போது ஒரு லட்சம்தான். ஆனால் அது அந்த வாரம் வந்த புது விதி என்று அவர் நினைத்தார். அந்த ஒரு லட்சம் 1993 மே 1 முதலே இருந்துவந்தது. முத்திரை குத்தும் வழக்கம்தான் 2017-இல் வந்தது. அவருக்குப் போன வட்டியை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

இப்போது நீங்களே சரிபார்க்கும் வழி. பெரும்பாலானவர்கள் தவறுவது எங்கே என்றால், சுற்றறிக்கையைத் தேடிப் போவதில். 2017 ஜூன் 22 சுற்றறிக்கை என்று தேடினால் அது கிடைக்கும். 'ஆகா, உண்மைதான்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் அந்தச் சுற்றறிக்கை ஒரு லட்சத்தை நிர்ணயித்த ஆவணமே இல்லை. பாஸ்புக்கில் நடவடிக்கை விவரங்களைப் புரியும்படி அச்சிடுவது பற்றியது அது. அதோடு சேர்த்து, டெபாசிட் காப்பீடு பற்றிய தகவலையும் அதன் வரம்பையும் பாஸ்புக்கின் முன்பக்கத்தில் தெரிவியுங்கள் என்றது. அந்த வரம்பு அவ்வப்போது மாறக்கூடியது என்பதையும் சேர்த்தே சொன்னது. அந்தச் சிறு குறிப்பு முத்திரையில் ஏறவில்லை, தொகை மட்டும் ஏறிவிட்டது.

தொகையை நிர்ணயிப்பது வேறு இடம். 1961-ஆம் ஆண்டின் டெபாசிட் காப்பீட்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, மத்திய அரசின் முன் அனுமதியோடு வரம்பை உயர்த்தும் அதிகாரத்தை டெபாசிட் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகத்துக்குக் கொடுத்திருக்கிறது. ரிசர்வ் வங்கிக்கு முழுச் சொந்தமான நிறுவனம் இது. வங்கி ஊழியர்கள் டி.ஐ.சி.ஜி.சி. என்பார்கள். 1962-இல் தொடங்கியபோது வரம்பு வெறும் 1,500 ரூபாய். படிப்படியாக ஏறி 1980-இல் 30 ஆயிரம், 1993-இல் ஒரு லட்சம். அப்புறம் கிட்டத்தட்ட 27 வருடம் அசையவே இல்லை. ஒரு தலைமுறையே அந்த எண்ணோடு வளர்ந்துவிட்டதால்தான் இன்றும் அது நம் மனதை விட்டுப் போக மறுக்கிறது. வங்கியில் வேலை பார்த்த என் நண்பர்கள் சிலரே இன்னும் பேச்சுவாக்கில் ஒரு லட்சம் என்கிறார்கள்.

ஆக, ஒரு வங்கியின் சுற்றறிக்கையோ ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையோ எண்ணைச் சொன்னால், அந்த எண்ணுக்கு உடையவர் யார் என்று பார்த்து அவரிடமே போய்க் கேட்க வேண்டும். இங்கே உடையவர் கழகம். அதன் இணையதளம் dicgc.org.in. ஃபார்வர்டில் வந்த இணைப்பை அழுத்தாமல் இந்த முகவரியை நீங்களே தட்டுங்கள். உள்ளே டெபாசிட்தாரர்களுக்கான கேள்வி பதில் பகுதி இருக்கிறது. இன்றைய வரம்பு, எந்தெந்தக் கணக்கு எப்படிச் சேர்த்துக் கணக்கிடப்படும் என்பதெல்லாம் அதில் உண்டு. காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. கூகுளில் தேடுவதானால் 'ஒரு லட்சம்' என்ற எண்ணைச் சேர்த்துத் தேடாதீர்கள். அப்படித் தேடினால் 2019-இன் செய்திகள்தான் வரிசையாக வந்து நிற்கும். எந்த எண்ணைக் கொடுத்தோமோ அதையே அது நமக்குத் திருப்பிக் காட்டும்.

இன்னொரு இடத்திலும் ஏமாறலாம். அம்மாவின் பழைய பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். 2017-க்கும் 2020-க்கும் இடையில் கொடுத்ததாக இருந்தால் அதிலேயே ஒரு லட்சம் என்ற முத்திரை இருக்கக்கூடும். வரம்பு உயர்ந்தபோது வீடு வீடாகப் போய் யாரும் முத்திரையைத் திருத்தவில்லை. 'பாருங்கள், நம்ம பாஸ்புக்கிலேயே இருக்கிறது' என்று அண்ணன் காட்டினால் குழம்ப வேண்டாம். பாஸ்புக்கில் என்ன முத்திரை இருந்தாலும், சட்டப்படியான வரம்புதான் செல்லும். அந்த மும்பை வங்கி விஷயத்திலும் சிக்கல் தொடங்கியபோது வரம்பு ஒரு லட்சம். ஆனால் பிற்பாடு கழகம் அந்த வங்கியின் டெபாசிட்தாரர்களுக்குப் பணம் கொடுத்தது 5 லட்சம் வரம்பில்தான்.

நேர்மாறான ஃபார்வர்டும் வரும், தயாராக இருங்கள். மும்பையின் இன்னொரு கூட்டுறவு வங்கிக்கு 2025 பிப்ரவரியில் கட்டுப்பாடு வந்தபோது, வரம்பை இன்னும் உயர்த்துவது பரிசீலனையில் இருப்பதாக நிதி அமைச்சகத் தரப்பில் சொன்னார்கள். பத்து லட்சமாகிவிட்டது என்று யாராவது அனுப்பினால் அதையும் இதே வழியில் பாருங்கள். பரிசீலனை என்பது அறிவிக்கை ஆகாது. கழகத்தின் பக்கத்தில் எண் மாறும்வரை 5 லட்சம் என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

சுற்றறிக்கையில் இரண்டாவதாக ஒரு வாக்கியம் இருக்கிறதே, கலைப்பு அதிகாரி பட்டியல் கொடுத்து இரண்டு மாதத்துக்குள் என்று. எல்லாரும் தொகையைத்தான் பார்க்கிறார்கள், இதைக் கவனிப்பதில்லை. இது இன்றும் தவறில்லை, ஆனால் பாதிதான். வங்கியை அடியோடு கலைத்தால் இன்றும் அந்த வழிதான். பழைய காலத்தில் பிரச்சினை என்னவென்றால், ரிசர்வ் வங்கி ஒரு வங்கியின் கணக்குகளை முடக்கி வைத்திருக்கும், ஆனால் கலைக்காது. கலைக்காத வரை கலைப்பு அதிகாரியும் இல்லை, பட்டியலும் இல்லை, பணமும் இல்லை. இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடும். இதற்காகத்தான் 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 18ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இப்போது பணம் எடுப்பதை ரிசர்வ் வங்கி முடக்கிய நாளிலிருந்தே 90 நாள் கணக்கு ஓடத் தொடங்கும். முதல் 45 நாளில் வங்கி டெபாசிட்தாரர் பட்டியலைக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த 30 நாளில் கழகம் சரிபார்க்கும். கடைசி 15 நாளில் பணம் வர வேண்டும். வங்கியை இன்னொன்றோடு இணைக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தால் இன்னும் 90 நாள் தள்ளிப்போகலாம். ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: இது தானாக வந்து சேராது. பணம் வேண்டும் என்று டெபாசிட்தாரர் விருப்பக் கடிதம் கொடுக்க வேண்டும், அதோடு அடையாளச் சான்றும் வேறொரு வங்கியில் உள்ள கணக்கு எண்ணும் தர வேண்டும். அம்மாவுக்கு வேறு வங்கியில் கணக்கே இல்லையென்றால், ஓய்வூதியம் வரும் கணக்கு போல ஏதாவது ஒன்று நடப்பில் இருப்பது நல்லது.

இனி உங்கள் குடும்பக் கணக்குக்கு வருவோம். விதி இதுதான்: ஒரே வங்கியில், ஒரே பெயரில், ஒரே உரிமையில் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டி, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை. எஃப்.டி. தனி, சேமிப்பு தனி என்று கிடையாது. வேறு கிளையில் இருந்தாலும் ஒரே வங்கி என்றால் கூட்டித்தான் பார்ப்பார்கள். நாமினியை மாற்றிப் போடுவதால் வரம்பு கூடாது. அந்த வங்கியில் அம்மாவுக்கு நகைக்கடன் மாதிரி ஏதாவது பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் மீதிக்குக் காப்பீடு.

அம்மாவின் தனிப்பெயரில் 4 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி அசலோடு சேரும் வழக்கப்படி ஒரு வருடத்தில் சுமார் 30,900 ரூபாய் வட்டி ஏறியிருக்கும். சேமிப்புக் கணக்கு 80 ஆயிரம். மொத்தம் 5,10,900. இன்று காப்பீட்டுக்கு வெளியே நிற்பது வெறும் 10,900 ரூபாய்தான். நீங்களும் அம்மாவும் சேர்ந்து போட்டது தனி உரிமை. அதற்கென்று இன்னொரு 5 லட்சம் வரம்பு உண்டு. இரண்டரை லட்சமும் அதன் வட்டியும் அதற்குள் வசதியாக அடங்கிவிடும்.

இப்போது அண்ணன் சொல்வதைச் செய்தால் எவ்வளவு போகும் என்று பாருங்கள். மூன்று வருட எஃப்.டி.யை ஒரு வருடத்தில் உடைத்தால், போடும்போது சொன்ன 7.5 கிடைக்காது. ஓராண்டு டெபாசிட்டுக்கு அன்று என்ன வட்டியோ அதிலிருந்து அபராதமாக ஒரு சதவீதம் போலக் கழித்துக் கொடுப்பார்கள். ஓராண்டு வட்டி 7 என்று வைத்தால் கைக்கு வருவது 6 சதவீதம். 4 லட்சத்துக்கு 30,900-க்குப் பதிலாக 24,500 வரும். அதில் 6,400 போயிற்று. இரண்டரை லட்சத்திலும் இதே கணக்கில் 3,900 போகும். ஆக, 10,900 ரூபாய்க்குக் காப்பீடு தேடி 10,300 ரூபாய் உறுதியான நஷ்டம். மிச்சமிருக்கும் இரண்டு வருடத்துக்கு 7.5 கிடைக்குமா என்பது வேறு விஷயம். அதற்கு மேல் 67 வயதில் அம்மா ஏழு வங்கியில் கே.ஒய்.சி. கொடுத்து, ஏழு பாஸ்புக், ஏழு நாமினி, ஏழு முதிர்வுத் தேதி என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒன்று விட்டுப்போனால்கூட உங்களுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் போய்விடும். நான் வேலை பார்த்த காலத்தில் உரிமை கோராமல் கிடந்த கணக்குகளில் நிறையப் பேர் இப்படிப் பயந்து பிரித்துப் போட்டவர்கள்தான்.

ஆனால் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். அந்த 4 லட்சம் மூன்று வருடம் முடியும் நாளில் 4,99,900 ரூபாய் அளவுக்கு வளர்ந்திருக்கும். அதாவது அந்த ஒரு எஃப்.டி.யே அம்மாவின் தனிப்பெயர் வரம்பு முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நாளாக ஆக, சேமிப்புக் கணக்கின் 80 ஆயிரம் முழுவதும் வரம்புக்கு வெளியே போய்விடும். ஆகவே அதே வங்கியில் அம்மா பெயர் முதலிலும் உங்கள் பெயர் இரண்டாவதாகவும் ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்கு திறந்து, 80 ஆயிரத்தையும் அதற்கு மாற்றிவிடுங்கள். அம்மாவின் தனிக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு மட்டும் இருந்தால் போதும். கூட்டு எஃப்.டி. முதிரும்போது 3,12,400 ஆகும். அதோடு இந்த 80 ஆயிரத்தைச் சேர்த்தாலும் 3,92,400 தான். எதையும் உடைக்காமல், வேறு வங்கி தேடாமல் கிட்டத்தட்ட எல்லாம் வரம்புக்குள் வந்துவிடும்.

பெயர் வரிசை பற்றி ஒரு வார்த்தை. அம்மா முதலில், நீங்கள் இரண்டாவது என்ற வரிசையில் எத்தனை கணக்கு இருந்தாலும் அவை ஒரே கூட்டாகத்தான் எண்ணப்படும். நீங்கள் முதலில், அம்மா இரண்டாவது என்று மாற்றினால் அது வேறு உரிமையாகி, தனி 5 லட்சம் கிடைக்கும். கழகத்தின் கேள்வி பதிலிலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது. வட்டி வருமானம் யார் பெயரில் காட்டப்படும் என்ற வரி விஷயம் அதில் இருப்பதால், தேவையில்லாமல் வரிசையை மாற்ற வேண்டாம்.

இவ்வளவும் உங்கள் நகரக் கூட்டுறவு வங்கி காப்பீடு பெற்ற வங்கியாக இருந்தால்தான். இருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன். ஆனாலும் dicgc.org.in பட்டியலில் வங்கியின் முழுப்பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். பெயர்கள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும், ஆகவே பாஸ்புக்கில் உள்ள எழுத்துப்படியே ஒப்பிடுங்கள். காப்பீடு பெற்ற வங்கிகளுக்குக் கழகம் ஓர் அறிவிப்புத் தாள் கொடுத்திருக்கும். கிளையில் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசியாக, நான் உண்மையிலேயே கவலைப்படும் இடம் அந்தச் சொசைட்டி பணம். நீங்கள் சொல்வது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமாக இருந்தால், அதற்கு டெபாசிட் காப்பீடு கிடையாது. 5 லட்சமும் இல்லை, பழைய ஒரு லட்சமும் இல்லை. மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நகரக் கூட்டுறவு வங்கி ஆகியவை காப்பீட்டுக்குள் வரக்கூடியவை. தொடக்கச் சங்கங்கள் வராது. பல ஊர்களில் அந்தக் கட்டடத்தை மக்கள் இன்றும் 'கூட்டுறவு பேங்க்' என்றே சொல்கிறார்கள், பழைய பெயர்ப்பலகைகளிலும் அப்படித்தான் இருந்தது. 2020-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, இந்தச் சங்கங்கள் வங்கி என்ற சொல்லைப் பெயரில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஆக்கினார்கள். 2021-இல் ரிசர்வ் வங்கியும் பொதுமக்களை எச்சரித்தது: இத்தகைய சங்கங்களில் போடும் பணத்துக்குக் கழகத்தின் காப்பீடு இல்லை என்று.

சங்கம் மோசம் என்று நான் சொல்லவில்லை. விவசாயிகளுக்குப் பயிர்க்கடன் கொடுத்துக் கிராமத்தைத் தாங்குகிற இடம் அது. கூட்டுறவுத் துறையின் தணிக்கையும் மேற்பார்வையும் அதற்கு உண்டு. ஆனால் மேற்பார்வை வேறு, பணத்துக்கு உத்தரவாதம் வேறு. 'அரசாங்கம்' என்று அண்ணன் சொல்வது அந்த மேற்பார்வையை. கணவர் விட்டுப்போன பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, எந்தக் காப்பீடும் இல்லாத இடத்தில் ஒரு 67 வயது அம்மா வைத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

அதற்காக நாளைக்கே போய் உடைக்க வேண்டாம். ரசீதில் முதிர்வுத் தேதி பாருங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் காத்திருங்கள். இரண்டு மூன்று வருடம் இருக்கிறது என்றால் முன்கூட்டியே எடுத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இந்தப் பணத்துக்கு, கொஞ்சம் வட்டி போனாலும் எடுத்துவிடலாம் என்றே சொல்வேன். வந்த பணத்தைத் தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். 60 வயதைக் கடந்த யாரும் சேரலாம், 30 லட்சம் வரை அனுமதி உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும். அது மத்திய அரசின் நேரடிப் பொறுப்பு என்பதால் இந்த 5 லட்சம் கணக்கெல்லாம் அங்கே எழாது. சேரும் நாளில் என்ன வட்டி என்று தபால் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பழைய விளம்பரத் தாளை நம்ப வேண்டாம்.

சங்கத்தில் முதிர்வுத் தேதிக்குப் பத்து நாள் முன்பே, புதுப்பிக்க வேண்டாம், பணத்தை அம்மாவின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பேசாமல் இருந்தால் தானாகவே இன்னொரு தவணைக்குப் புதுப்பித்துவிடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது.